அரை மணி கழித்து வரும் வாசனை

எனக்குப் பொய் சொல்ல வராது என்று எங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். நான் பொய் சொல்ல மாட்டேன், வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுவேன். அது பொய்யைவிடக் கேடுகெட்ட பழக்கம் என்று எனக்குப் புரிவதற்குள் ஒரு நல்ல மனுஷியின் பிழைப்பு போய்விட்டது.

முதலிபாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சென்ட் கம்பெனியில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். திருப்பூரில் சென்ட் கம்பெனியா என்று கேட்பார்கள். பனியன் துணியைக் கடைசியாக அலசும்போது சாஃப்ட்னர் ஊற்றுவார்கள். புது பனியனைப் பிரித்ததும் ஒரு வாசம் வருகிறதே, அதில் பாதி எங்கள் கேனிலிருந்து போனது. சோறு போடுவது அந்தக் கேன்கள்தான். ஆனால் எங்கள் கம்பெனியைப் பல பேருக்குத் தெரிய வைத்தது ஒரு சின்ன ஸ்ப்ரே பாட்டில். பல்லடத்திலிருந்து தாராபுரம் வரைக்கும் கல்யாண வீடு, காதுகுத்து, ஞாயிற்றுக்கிழமைச் சர்ச், எங்கே போனாலும் கூட்டத்தில் நாலு பேர் மேல் அந்த வாசம் இருக்கும். குண்டடத்தில் எங்கள் சித்தி பீரோவில்கூட ஒன்று இருக்கிறது. மகன் கல்யாணத்துக்கு வாங்கியது என்று மூடியைத் திறக்காமலே முகர்ந்து பார்ப்பார்.

அந்த வாசத்தைச் செய்தது நானில்லை, அக்காதான். அக்கா என்றாலும் உடன்பிறந்தவர் இல்லை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம், என்னைவிட மூன்று வயது பெரியவர், இரண்டு பேரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் தராசு, அவர் மூக்கு. அவர் சொல்லும் பொருளை நான் கிராம் கணக்கில் நிறுத்து ஊற்றுவேன். அவர் ஒரு காகிதப் பட்டையைக் கலவையில் முக்கி, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பார். ஸ்ட்ரிப் என்று நாங்கள் சொல்வது அந்தப் பட்டையைத்தான். நான் வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போடுவதைக் கேட்டுச் சிரிப்பார். என்னை அவர், அவர்கள் ஊர் வழக்கப்படி, ‘ஏட்டி’ என்பார். முதல் வாரம் எனக்குச் சுருக்கென்று இருந்தது. அப்புறம் அவர் அப்படிக் கூப்பிடாத நாள் எனக்கு நாளாகவே இருக்காது.

அக்காவிடம் ஒரு பிடிவாதம். எந்த வாசனையைப் பற்றியும் முதல் நிமிடத்தில் அபிப்பிராயம் சொல்ல மாட்டார். முதலில் எழுந்து வருவது எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் மாதிரி லேசான சமாச்சாரங்கள். கால் மணி நேரத்தில் அவை பறந்துவிடும். அப்புறம்தான் நடுவில் இருக்கிற பூ மேலே வரும். அதற்கும் கீழே கட்டை, பாசி, கஸ்தூரி மாதிரி கனமானவை. அவை மறுநாள் வரை ஸ்ட்ரிப்பில் நிற்கும். அரை மணி பொறுத்துத்தான் பதில் சொல்வார். முதலாளி நின்றுகொண்டே, “என்னாச்சு கண்ணு, ஓகேவா?” என்று அவசரப்படுத்துவார். அக்கா கடிகாரத்தைக் காட்டுவார்.

கொரோனா இரண்டாம் அலையில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. உயிர் தப்பியது. மூக்கு போயிற்று. முதல் மாதம் ஒன்றுமே இல்லை. பிறகு எல்லாமே கருகின ரப்பர் மாதிரி இருக்கிறது என்றார், காபிகூட. டாக்டர் ஒரு பயிற்சி சொல்லியிருந்தார்: எலுமிச்சை, ரோஜா, கிராம்பு, தைலமரம், நாலையும் தினம் இரண்டு வேளை மோந்து பார்க்க வேண்டும். அதற்கு நாலு சின்னக் குப்பியை நானேதான் நிரப்பிக் கொடுத்தனுப்பினேன். சம்பளமில்லாத விடுப்பு. மாதங்கள் ஓடின. வாரம் ஒருமுறை போனில் கூப்பிட்டு, இன்று ரோஜா கொஞ்சம் வந்தது, இன்று கிராம்பு காதைப் பிடித்து இழுத்தது என்பார். நான் சந்தோஷப்பட்டேன். பொய்யான சந்தோஷமில்லை, சத்தியமாக.

அந்த இடைவெளியில்தான் எங்கள் சென்ட் மாறியது.

மாறியது என்று எழுதுவதுகூடக் கோழைத்தனம். நான் மாற்றினேன். ஐரோப்பாவுக்குப் பனியன் அனுப்புகிற கம்பெனி ஒன்று, பரிசுப் பெட்டியில் பனியனோடு எங்கள் ஸ்ப்ரேயும் வைத்து அனுப்ப ஆசைப்பட்டது. அந்த ஊர்ச் சட்டப்படி இருக்கிறது என்று காகிதம் வேண்டும். எங்கள் சென்டின் நடுவில் இருந்த பூ, லிலியால் என்கிற ஒரு பொருளால் வந்தது. பள்ளத்தாக்கு லில்லி என்கிற பூவின் வாசம் தரும். பிள்ளைப்பேற்றுக்குக் கெடுதல் செய்யக்கூடும் என்று அதை அங்கே உடம்பில் போடும் பொருள்களில் தடை செய்துவிட்டார்கள். அடியில் இருந்தது ஓக் மரத்தில் வளரும் பாசியின் சாறு. சிலருக்குத் தோல் அரிக்கும் என்று அதற்கும் கடுமையான கட்டுப்பாடு. ஒரே சென்டை வெளிநாட்டுக்கு ஒன்று, உள்ளூருக்கு ஒன்று என்று இரண்டு விதமாகச் செய்து, இரண்டு ஸ்டாக் வைக்க எங்களிடம் இடமும் இல்லை, ஆளும் இல்லை. பெரிய கம்பெனிகளும் இதே காரணத்தால்தான் உலகம் முழுவதற்கும் ஒரேயடியாக மாற்றிவிடுகின்றன. போதாக்குறைக்கு எங்களுக்கு லிலியால் கொடுத்துக்கொண்டிருந்த வியாபாரியும் இனிமேல் இல்லை என்று கையை விரித்துவிட்டார்.

மாற்றியதில் தப்பில்லை. இன்றைக்கும் அதைச் சொல்வேன். கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஆகாது என்று சந்தேகம் வந்த பொருளை வாசத்துக்காகக் கட்டி அழுதுகொண்டிருக்க முடியாது. தப்பு நடந்தது வேறு இடத்தில்.

பூவுக்குப் பதிலாக வேறு இரண்டு பொருளைக் கலந்தேன். பாசிக்குப் பதிலாகச் செயற்கைப் பொருள் ஒன்றும் கொஞ்சம் பச்சோலி இலை எண்ணெயும் போட்டேன். மேலே இருக்கிற எலுமிச்சையை அப்படியே விட்டுவைத்தேன். அது என் சாமர்த்தியம். மூன்று ஸ்ட்ரிப், இரண்டில் பழையது, ஒன்றில் புதியது, எது வேறு என்று பேக்கிங் பெண்களைக் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. டீலர்கள் வந்து கையில் ஒருமுறை அடித்து, மோந்து, தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். எல்லாரும் முதல் நிமிடத்தை மோந்தவர்கள். அரை மணி யார் பொறுத்தார்கள்? நானும் பொறுக்கவில்லை. பொறுத்தால் தெரிந்துவிடும் என்று எனக்கே தெரியும்.

முதலாளி கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

“கண்ணு, இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். மாத்தீட்டம்னு தெரிஞ்சா கடைக்காரன் பூராப் பெட்டியயும் திருப்பி அனுப்பீருவான். அந்தப் புள்ளைக்கும் சொல்ல வேண்டாம். பாவம், அது செஞ்ச சாமான். மனசு கஷ்டப்படும்.”

“சரிங்க அண்ணா” என்றேன். பெட்டி அதே பெட்டி, பெயர் அதே பெயர். கம்ப்யூட்டரில் எது எத்தனை கிராம் என்கிற பழைய கணக்கின் மேலேயே புதியதை ஏற்றியாயிற்று. ஃபிரிட்ஜில் ‘ஸ்டாண்டர்டு’ என்று ஒரு பாட்டில் இருக்கும். புதிதாகச் செய்கிற ஒவ்வொரு தொகுதியையும் அதோடு ஒப்பிட்டுத்தான் வெளியே விடுவோம். வைத்திருந்தால் அதுவும் கெட்டுப்போகும் என்பதால் வருடம் ஒருமுறை பழையதைக் கொட்டிவிட்டுப் புதுத் தொகுதியிலிருந்து நிரப்பி வைப்பது வழக்கம். அந்த வருடமும் கொட்டினேன், நிரப்பினேன். பதினோரு வருடம் இப்படித்தான், போன வருடத்தோடு மட்டுமே ஒப்பிட்டு வந்திருக்கிறோம். முதல் வருடத்துச் சரக்கோடு எவரும் எதையும் ஒப்பிட்டதில்லை. அசல் எப்படி இருந்தது என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அக்காவின் ஞாபகம்.

ஒரு மதியம் அக்கா கம்பெனிக்கு வந்தார். இளைத்திருந்தார், ஆனால் முகத்தில் களை இருந்தது. நாலு குப்பியும் இப்போது நன்றாகத் தெரிகிறது, வேலைக்குத் திரும்பலாம் என்று இருக்கிறேன் என்றார். அதற்கு முன்னால் தனக்குத் தானே ஒரு பரீட்சை வைத்துக்கொள்ளப் போவதாகவும் சொன்னார். பையிலிருந்து எங்கள் ஸ்ப்ரேயை எடுத்தார். எங்களிடம் கேட்டால் யாராவது பார்த்துப் பரிதாபப்படுவார்கள் என்று எங்கள் ஊர் ராயபுரத்தில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் காசு கொடுத்து வாங்கியிருந்தார். தன் கையால் செய்த வாசம். அதைத் தெரிந்துகொள்ள முடிந்தால் மூக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். முடியாவிட்டால் வரவில்லை.

நான் கட்டிலிருந்து ஒரு ஸ்ட்ரிப்பை உருவிக் கொடுத்தேன்.

ஸ்ட்ரிப்பில் அடித்தார். மேசையில் வைத்தார். பேசிக்கொண்டிருந்தோம். அவர் மகன் பத்தாம் வகுப்பு, வாடகை, தண்ணீர் லாரி, எதையெதையோ. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அரை மணி கழித்து எடுத்தார். கண்ணை மூடினார். மறுபடி. மறுபடி. 

“இது இல்லட்டி” என்றார். “நடுவுல பூ வரல. அடியில பாசியும் இல்ல.”

நான் எடுத்த இரண்டையும் துல்லியமாகச் சொல்லிவிட்டார். திருப்பூரிலேயே அதைக் கண்டுபிடித்த ஒரே மூக்கு. அந்த நொடியில் நான் எழுந்து நின்று, அக்கா, உங்கள் மூக்கு முழுசாகத் திரும்பிவிட்டது என்று கத்தியிருக்க வேண்டும். முதலாளி வாசலில் நின்றார். என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், எழுந்திருக்கவில்லை. நாளைக்கு வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தண்ணீர் எடுத்துவந்து கொடுத்தேன். பெரிய உபகாரம்.

மறுநாள் போகவில்லை. சாஃப்ட்னர் ஆர்டர் அவசரம். அதற்கு மறுநாளும் ஏதோ ஒன்று. சாக்குக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? முதலாளியே அக்காவுக்குப் போன் செய்து, எப்போது வேண்டுமானாலும் வா, பேக்கிங்கில் உட்கார்ந்துகொள் என்று சொன்னாராம். அக்கா வேண்டாம் என்றுவிட்டார். அடுத்த வாரம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். வெளிச்சத்துக்குக் கீழே நின்று துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை பார்க்கிற வேலை. நாலு குப்பியையும் குப்பையில் போட்டுவிட்டார் என்று அவர் மகன் சொன்னான்.

எனக்குத் தூக்கம் போயிற்று. சொல்லிவிடலாம், ஆனால் வெறும் வாயால் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைப்பார். பழைய சென்டைக் கையில் கொடுத்து, இதுதான் அசல், அன்றைக்கு நீங்கள் மோந்தது வேறு என்று காட்ட வேண்டும். தேடினேன். ஸ்டாண்டர்டு பாட்டிலை நானே கொட்டியிருந்தேன். என் நோட்டில் பழைய கணக்கு அரைகுறையாக இருந்தது. அதை வைத்துச் செய்து பார்த்தேன். லிலியால் இல்லை. பாசி என்று எழுதியிருந்ததும் நேரடிப் பாசிச் சாறு இல்லை, மும்பையில் ஒருவர் கலந்து அனுப்புகிற தயார்க் கலவை. அவரும் சட்டத்துக்குப் பயந்து உள்ளே இருப்பதை மாற்றிவிட்டு, டின்னில் அதே நம்பரை ஒட்டி அனுப்பிக்கொண்டிருந்தார். எங்களை மாதிரியேதான். வந்தது ஒரு மூன்றாவது வாசனை. சித்தியிடம் கேட்டேன். பீரோ பாட்டில் எப்போதோ காலி, சும்மா மோந்து பார்ப்பதற்கு வைத்திருக்கிறேன் என்றார்.

கடைசியில் ராயபுரத்தில் ஒரு கடையின் கண்ணாடி அலமாரியில் கிடைத்தது. மூன்று வருடம் வெயில் பட்டு, பெட்டி வெளுத்து, உள்ளே இருந்தது டீத் தண்ணீர் நிறத்துக்கு வந்திருந்தது. திறந்ததும் வார்னிஷ் வாடை அடித்தது. வெயிலும் காற்றும் முதலில் தின்பது எலுமிச்சையைத்தான். பழைய பாட்டிலை மோந்துவிட்டு, ஐயோ அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்று அழுகிறவர்களும், புதிதை மோந்துவிட்டு ஏமாற்றிவிட்டான் என்று திட்டுகிறவர்களும், இரண்டு பேருமே பாதிதான் சரி. புதியது மாற்றப்பட்டது. பழையது தானாகவே மாறிக்கொண்டது. ஆனாலும் அடியில் இருக்கிற கனமான பொருள்கள் அவ்வளவு சீக்கிரம் சாகாது. ஸ்ட்ரிப்பில் அடித்து அரை மணி வைத்தேன். வார்னிஷ் வாடை போய், வெளியே மெலிசாகப் பூவும் அதற்குக் கீழே ஈரமான பாசியும் வந்தன. அழுதுவிட்டேன்.

மறுநாள் காலை டீ இடைவேளைக்கு அக்காவின் கம்பெனி வாசலில் நின்றேன். பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள், தலையெல்லாம் பஞ்சு. அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். டீக்கடை ஓரத்தில் நிறுத்தி எல்லாவற்றையும் கொட்டினேன்.

“அக்கா, நானுங்க மாத்துனது. பூவயும் பாசியயும் நாந்தானுங்க எடுத்தது. நீங்க அன்னிக்குச் சொன்னது அத்தனையும் சரிங்க. உங்க மூக்குல ஒரு குறையும் இல்லீங்க.”

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என் கையிலிருந்த பாட்டிலை வாங்கி, புறங்கையில் அடித்து, உடனே மோந்து பார்த்தார். அரை மணி கழித்துப் பேசுகிற அக்கா, அடித்த கையோடு மோந்தார்.

“இதுவும் இல்ல” என்றார். “தின்னர் வாடையில்லா அடிக்கி.”

வெயிலில் இருந்தது, அரை மணி பொறுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது. டீ நேரம் பத்து நிமிடம். சூப்பர்வைசர் கைதட்டினான். அக்கா உள்ளே போனார்.

நான் நகரவில்லை. சாயங்காலம் ஐந்தரைக்கு ஷிஃப்டு முடியும். கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு வாசல் வேப்பமர நிழலில் உட்கார்ந்தேன். சரியாக ஐந்து மணிக்குப் புது ஸ்ட்ரிப்பில் அடித்து, காற்றில் பறந்துவிடாமல் மடியில் வைத்துக் காத்தேன். அவர் வெளியே வரும்போது பூ சரியாக மேலே வந்திருந்தது. ஸ்ட்ரிப்பை நீட்டினேன்.

அக்கா வாங்கி மோந்தார். கண் மூடியது. நெற்றி சுருங்கியது, பிறகு தளர்ந்தது. அந்த முகத்தை எனக்குப் பதினோரு வருடமாகத் தெரியும். கிடைத்துவிட்டது என்பதற்கு அதுதான் முகம். 

“வருதுங்களா அக்கா?”

அக்கா இன்னொரு தடவை மோந்தார்.

“வருத மாதிரிதான் இருக்கு” என்றார். “ஆனா ஏட்டி, நான் செஞ்ச சாமான், உள்ள என்னென்ன கெடக்குன்னு எனக்கு மனப்பாடம். நீ வேற காலையிலயே பூவு, பாசின்னு சொல்லிட்டு வந்திருக்க. இது மூக்குல வருதா, மனசுல வருதா? எனக்குத் தெரியல. அன்னிக்கு அப்படித்தான் இல்லன்னு அடிச்சுச் சொன்னேன். நீ எதிர்லயே உக்காந்து, ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லாம, தண்ணி எடுத்துக் கொடுத்த.”

மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். வேறு மூன்று பொருளை மறைத்து வைத்துப் பரீட்சை செய்து பார்க்கலாம், பத்து தடவை செய்யலாம், பத்துக்குப் பத்து சொல்வீர்கள் என்று கெஞ்சினேன்.

“பத்தும் சரியா சொன்னாலும் பதினொண்ணாவது நான் சந்தேகப்படுவேன். சந்தேகப்படுத மூக்க வச்சு எவன் சென்ட் செய்வான்?”

ஸ்ட்ரிப்பை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். கோபமாக இல்லை, கடையில் வேண்டாம் என்று பொருளைத் திருப்பித் தருகிற மாதிரி. கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, தலையில் இருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தார். வேன் கிளம்பும்வரை என் பக்கம் திரும்பவில்லை.